பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல தேதி, சம்பளம், டிகிரி எப்படி செக் பண்றாங்க, ரெஸ்யூம்ல சின்ன மிஸ்மேட்ச் ஏன் ஆஃபரையே காலி பண்ணுது: முழு வழிகாட்டி

நான் சில வருஷம் வெரிஃபிகேஷன் டீம்ல இருந்து ரிப்போர்ட் எழுதினவன், இப்போ வேலை மாறுற ஆளுங்களுக்கு ஃபார்ம் ஃபில் பண்ண உதவி பண்றேன். ரெண்டு பக்கமும் இருந்து பாத்ததுல சொல்றேன், ஆஃபர் போனவங்கள்ல பொய் சொல்லணும்னே உக்காந்து பொய் சொன்னவங்க கம்மி. நிறைய பேர் ஞாபகத்துல இருந்து தேதி எழுதினவங்க, இல்லன்னா ஃபார்ம்ல தேதிக் கட்டம் காலியா விட முடியலன்னு 01, 31ன்னு போட்டவங்க. அதனால இதுல வரிசை ரொம்ப முக்கியம், முதல்ல டாகுமென்ட், அப்புறம் ரெஸ்யூம், கடைசியாதான் ஃபார்ம். எல்லாரும் இதைத் தலைகீழா பண்றாங்க.

1. எதை எதோட ஒப்பிடுறாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ரெஸ்யூமை எடுத்து நேரா பழைய கம்பெனிக்கு அனுப்பிக் கேப்பாங்கன்னு பல பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. ஒப்பிடுறது மூணு விஷயத்தை. ஒண்ணு உங்க ரெஸ்யூம், ரெண்டு ஆஃபருக்கு அப்புறம் நீங்க ஃபில் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற வெரிஃபிகேஷன் ஃபார்ம், மூணு பழைய கம்பெனி ஹெச்.ஆர், யூனிவர்சிட்டி மாதிரி மூல இடத்துல இருந்து வர்ற பதில். மூணும் ஒண்ணா இருந்தா பச்சை. எதாவது ரெண்டு ஒத்துப்போகலன்னா அது ரிப்போர்ட்ல ஏறிடும்.

செக் பண்றவரோட ஸ்கிரீன்ல ரெண்டு பத்தி இருக்கும். இடது பக்கம் கேண்டிடேட் சொன்னது, வலது பக்கம் வெரிஃபை ஆனது. இடதுல 31-08, வலதுல 18-06ன்னு வந்தா அவர் டிஸ்க்ரிபன்ஸின்னு குறிச்சிட்டு அடுத்த கேஸுக்குப் போயிடுவார். நீங்க மறந்து போட்டீங்களா வேணும்னு போட்டீங்களான்னு முடிவு பண்றது அவர் வேலை இல்ல, அந்த அதிகாரமும் அவருக்குக் கிடையாது. அவர் வேலை பாக்கற வெரிஃபிகேஷன் ஏஜென்சி ரிப்போர்ட் மட்டும்தான் குடுக்கும், ஆஃபரை வெச்சுக்கறதா எடுக்கறதான்னு வேலைக்கு எடுக்கற கம்பெனிதான் முடிவு பண்ணும்.

அந்தக் கம்பெனி கிட்ட ஏற்கனவே எழுதி வெச்ச ரூல் இருக்கும். எத்தனை நாள் வித்தியாசம் வரைக்கும் கண்டுக்க வேண்டாம், எதுக்கு மேல போனா விளக்கம் கேக்கணும், எது வந்தா நேரா நிராகரிக்கணும்னு. சில இடத்துல ஒரு மாசம் வரைக்கும் விட்டுடுவாங்க, சில இடத்துல, முக்கியமா பேங்க் மாதிரி கிளையண்டுக்கு வேலை பாக்கற கம்பெனிகள்ல, ஒரு நாள் மாறினாலும் விளக்கம் கேப்பாங்க. உங்க கேஸ்ல எந்த ரூல்னு உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அதனால சின்னது விட்டுடுவாங்கன்னு நம்பி எதையும் எழுதாதீங்க.

2. ரெஸ்யூமைத் தொடறதுக்கு முன்னாடி டாகுமென்ட்டை எடுத்து வைங்க

ஒவ்வொரு வேலைக்கும் நாலு பேப்பர் வேணும்: அப்பாயின்ட்மென்ட் லெட்டர், ரிலீவிங் லெட்டர் அல்லது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூணு மாச பேஸ்லிப், கடைசியா வந்த சம்பள உயர்வு லெட்டர். படிப்புக்கு டிகிரி சர்டிபிகேட்டும் எல்லா மார்க்ஷீட்டும். வேலையில இருக்கும்போதே இதெல்லாம் சொந்த மெயிலுக்கு எடுத்து வெச்சுக்கோங்க, வெளிய வந்த மறுநாளே ஆபீஸ் போர்ட்டல் லாகின் போயிடும், அதுக்கப்புறம் ஒரு பேஸ்லிப்புக்காக பத்து மெயில் போட வேண்டி வரும்.

அடுத்தது உங்களைப் பத்தி வெளியில என்ன ரெக்கார்டு இருக்குன்னு நீங்களே பாருங்க. இந்தியாவுல வேலை பாத்தவங்களுக்கு பி.எஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, யூ.ஏ.என்ங்கற பி.எஃப் நம்பரை வெச்சு லாகின் பண்ணா எந்தக் கம்பெனியில எந்த தேதி சேர்ந்தீங்க, எந்த தேதி வெளிய வந்தீங்கன்னு வரிசையா வரும். இப்போ நிறைய கம்பெனி அந்தப் பக்கத்தை அப்படியே அப்லோட் பண்ணச் சொல்லுது. அமெரிக்காவுல ஈக்விஃபாக்ஸ் நடத்தற தி வொர்க் நம்பர்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, ஏகப்பட்ட கம்பெனிகளோட பேரோல்ல இருந்து வேலை தேதியும் சம்பளமும் அதுல போகுது, உங்களைப் பத்தி அதுல இருக்கற ரிப்போர்ட்டை நீங்க இலவசமாவே கேட்டு வாங்கலாம்.

இதை முன்னாடியே பாக்கச் சொல்றதுக்குக் காரணம், தப்பு எப்பவும் உங்க பக்கம்தான் இருக்கும்னு இல்ல. பழைய கம்பெனி பி.எஃப்ல எக்ஸிட் தேதியே போடாம விட்டிருக்கும், பாக்கறவங்களுக்கு நீங்க இன்னும் அங்கயே வேலை பாக்கற மாதிரி தெரியும், புது கம்பெனி தேதியோட சேத்துப் பாத்தா ஒரே நேரத்துல ரெண்டு வேலைன்னு வந்து நிக்கும். கடைசியா பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் ஆயிட்டா அந்த எக்ஸிட் தேதியை நீங்களே போட்டுக்கலாம், ஆனா இதை ஆஃபர் வந்த வாரத்துல கண்டுபிடிச்சா டென்ஷன்தான். அப்படிப் போடும்போதும் ரிலீவிங் லெட்டர்ல இருக்கற தேதியைப் பாத்து அதையே போடுங்க.

3. ஒரே ஒரு ஷீட் போடுங்க, எல்லாத்தையும் அதுல இருந்தே எடுங்க

ஒரு எக்செல் ஷீட் திறந்து ஒரு வேலைக்கு ஒரு வரி. சேர்ந்த தேதி நாள் மாசம் வருஷத்தோட, கடைசி வேலை நாள், லெட்டர்ல இருக்கற கம்பெனி பேர், யார் பேரோல், லெட்டர்ல இருக்கற டெசிக்னேஷன், எம்ப்ளாயி ஐ.டி, கடைசி சம்பளம். கடைசி பத்தியில இது எந்த டாகுமென்ட்ல இருந்து எடுத்ததுன்னு எழுதுங்க. ஞாபகத்துல இருந்து எழுதின கட்டம் ஒண்ணு கூட இருக்கக் கூடாது.

பேரோல் பத்தியை ஏன் தனியா கேக்கறேன்னா, புதுசா வர்றவங்க அதிகமா மாட்டற இடம் அது. ஒரு பெரிய கம்பெனி ஆபீஸ்ல மூணு வருஷம் உக்காந்து வேலை பாத்திருப்பாங்க, ஐ.டி கார்டும் அந்தக் கம்பெனி பேர்ல இருக்கும், ஆனா சம்பளம் போட்டது ஒரு கான்ட்ராக்ட் வெண்டர். ரெஸ்யூம்ல பெரிய கம்பெனி பேர் மட்டும் போட்டா வெரிஃபிகேஷன் மெயில் அங்க போகும், அங்க ஹெச்.ஆர் அவங்க சிஸ்டம்ல தேடிட்டு இப்படி ஒரு எம்ப்ளாயியே எங்ககிட்ட இல்லன்னு பதில் அனுப்பிடும். ரிப்போர்ட்ல இதைவிட மோசமான வரி கிடையாது, போலி அனுபவம் காட்டறவங்களுக்கு வர்ற பதிலும் இதேதான். சம்பளம் போட்ட கம்பெனி பேரை முதல்ல எழுதி, பக்கத்துல இன்ன கிளையண்டுக்காக வேலை பாத்தேன்னு போட்டா பிரச்சனையே வராது.

கம்பெனி இன்னொரு கம்பெனியோட சேர்ந்திருந்தா, பேர் மாத்தியிருந்தா, லெட்டர்ல இருக்கற பழைய பேரையும் இப்போ இருக்கற பேரையும் ரெண்டையும் எழுதிடுங்க.

4. தேதி: மிஸ்மேட்ச் அதிகமா வர்ற இடம்

ஒரு வேலை தொடங்கினதுக்கு மூணு தேதி இருக்கு: ஆஃபர் லெட்டர் தேதி, ஆஃபர்ல குறிச்சிருந்த ஜாயினிங் தேதி, நிஜமா நீங்க ஜாயின் பண்ண தேதி. கணக்குல வர்றது மூணாவது மட்டும்தான். அதே மாதிரி முடிஞ்சதுக்கும் ராஜினாமா கொடுத்த தேதி, கடைசியா ஆபீஸ் போன தேதி, ரிலீவிங் லெட்டர்ல இருக்கற கடைசி வேலை நாள்னு மூணு இருக்கு. இதுல ஹெச்.ஆர் சிஸ்டம்ல இருக்கறது ரிலீவிங் லெட்டர் தேதி. நோட்டீஸ் பீரியட்ல கடைசி பத்து நாள் லீவ்ல இருந்திருப்பீங்க, அதனால முன்னாடியே போன மாதிரி ஞாபகம் இருக்கும், அந்த ஞாபகத்தை நம்பாதீங்க.

பதில் எப்படி வருதுன்னும் சொல்லிடறேன். பழைய கம்பெனி ஹெச்.ஆர் உக்காந்து கதை சொல்றதில்ல. ஒரு பொது மெயில் ஐ.டிக்கு உங்க பேர், எம்ப்ளாயி ஐ.டி, நீங்க சொன்ன தேதிகள் போகும், அவங்க சிஸ்டம்ல தட்டிப் பாத்து சேர்ந்த தேதி, போன தேதி, டெசிக்னேஷன், திரும்ப வேலைக்கு எடுப்பாங்களா மாட்டாங்களான்னு ஒரு நாலு வரி அனுப்புவாங்க. தேதியும் டெசிக்னேஷனும் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டோம்னு பாலிசி வெச்சிருக்கற கம்பெனிகளும் நிறைய. அதனாலதான் தேதிக்கு இவ்வளவு எடை, உறுதியா வர்ற ஒரே பதில் பல கேஸ்ல அது மட்டும்தான்.

இப்போ ஒரு கேஸ். தெரிஞ்ச பையன், பேர் வேண்டாம். ரெஸ்யூம்ல முதல் கம்பெனி ஜூன் 2018 முதல் ஆகஸ்ட் 2021 வரை, ரெண்டாவது கம்பெனி ஆகஸ்ட் 2021ல இருந்து இன்னிக்கு வரைன்னு இருந்துச்சு. படிக்க அழகா, கேப்பே இல்லாம இருக்கும். நிஜத்துல ஆஃபர் லெட்டர்தான் ஜூன் 2018ல வந்தது, ஜாயின் பண்ணது ஜூலை 2ஆம் தேதி. முதல் கம்பெனியில கடைசி வேலை நாள் 18 ஜூன் 2021, ரெண்டாவதுல சேர்ந்தது 23 ஆகஸ்ட் 2021. நடுவுல 65 நாள் வீட்டுல இருந்திருக்கான், அப்பாவுக்கு ஆபரேஷன். அதை ரெஸ்யூம்ல சொல்ல வேண்டாம்னு யாரோ சொன்னாங்கன்னு மாசத்தை இழுத்து ஒட்ட வெச்சுட்டான்.

ஆஃபர் வந்துச்சு, ஃபார்ம் வந்துச்சு. ஃபார்ம்ல நாளும் கட்டாயம், காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. ரெஸ்யூமைப் பாத்து 01-06-2018, 31-08-2021ன்னு போட்டான். ரெண்டாவது கம்பெனி லெட்டர் கையில இருந்ததால அதுக்குச் சரியா 23-08-2021. இப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. அவன் போட்ட தேதிகள்படியே ஆகஸ்ட் 23ல இருந்து 31 வரைக்கும் 9 நாள் ரெண்டு கம்பெனியிலும் வேலை பாத்திருக்கான்! முதல் கம்பெனி பதில் வந்ததும் தொடக்கத்துல 31 நாள் வித்தியாசம், முடிவுல 74 நாள் வித்தியாசம். ரெண்டுமே அனுபவத்தைக் கூட்டிக் காட்டற பக்கமா.

இதுக்கு மேலதான் விஷயம். அந்த போஸ்டுக்கு அந்த டெக்னாலஜியில குறைஞ்சது மூணு வருஷம் அனுபவம் வேணும்னு போட்டிருந்தாங்க, அந்த டெக்னாலஜி அவன் பாத்தது முதல் கம்பெனியில மட்டும். ஃபார்ம்படி 3 வருஷம் 3 மாசம். நிஜத்துல 2 வருஷம் 11 மாசம் 17 நாள். இன்டர்வியூலயே சொல்லியிருந்தா அந்த ரெண்டு வாரத்துக்காக யாரும் அவனை வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனா ரிப்போர்ட்ல அது தகுதி இல்லாதவன் தேதியை நீட்டித் தகுதி காட்டின மாதிரி வந்து நின்னுச்சு. ஃபார்ம் அடியில மேல சொன்னதெல்லாம் உண்மை, தப்புன்னு தெரிஞ்சா ஆஃபரை ரத்து பண்ணலாம்னு கையெழுத்தும் இருக்கு. ஆஃபர் போச்சு. அந்த நேரம் அவன் நோட்டீஸ் பீரியட்ல இருந்தான், பழைய வேலையும் கையில இல்ல. எனக்கு இன்னிக்கும் இது மனசுல உறுத்துது, ஏன்னா அந்த 65 நாளைச் சொல்றதுக்கு வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

சின்ன மிஸ்மேட்ச் எப்படி பெருசாகுதுன்னு இந்தக் கேஸ்லயே தெரியும். எத்தனை நாள்ங்கறதை விட எந்தப் பக்கம் சாயுது, எதை மறைக்குதுங்கறதுதான் பாக்கறாங்க. 40 நாள் குறைச்சு எழுதினவனைக் கவனக்குறைவுன்னு விட்டுடுவாங்க, 40 நாள் கூட்டி எழுதி அதுல ஒரு கேப் மூடியிருந்தா அதை அப்படிப் படிக்க மாட்டாங்க.

ரெண்டு மூணு மாசம் மட்டும் வேலை பாத்துட்டு விட்ட கம்பெனியை ரெஸ்யூம்ல போடாம இருக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. ரெஸ்யூம்ல விடலாம், அது உங்க விருப்பம். ஆனா ஃபார்ம்ல எல்லா வேலையும் எழுதச் சொல்லிக் கேட்டா எழுதியே ஆகணும். பி.எஃப்லயும் வரிப் பிடித்தம் ரெக்கார்டுலயும் அந்தக் கம்பெனி பேர் வந்துடும், நீங்க எழுதாம அவங்களா கண்டுபிடிக்கறதுதான் மோசம்.

5. சம்பளம்: எந்த நம்பர்னு சொல்லாம நம்பர் சொல்லாதீங்க

முதல்ல, சில இடத்துல பழைய சம்பளத்தைக் கேக்கறதே சட்டப்படி செல்லாது. கலிஃபோர்னியாவுல 2018 ஜனவரி 1ல இருந்து வேலைக்கு வர்றவங்க கிட்ட பழைய சம்பளத்தைக் கேக்கக் கூடாதுன்னு சட்டம், அமெரிக்காவுல வேற சில மாநிலங்கள்லயும் இருக்கு. உங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டான்னு முதல்ல பாத்துக்கோங்க. இல்லாத இடத்துல பேஸ்லிப் கேப்பாங்க.

சம்பளத்தை ஹெச்.ஆர் மெயில்ல கன்ஃபர்ம் பண்றது குறைவு, அதனால இங்க சண்டை டாகுமென்ட்டுக்கும் டாகுமென்ட்டுக்கும். பேஸ்லிப்ல கைக்கு வர்ற தொகையை எடுத்து பேங்க் ஸ்டேட்மென்ட்ல அதே மாசம் கிரெடிட் ஆன தொகையோட வெச்சுப் பாப்பாங்க, ரூபாய் பைசா வரைக்கும் ஒத்துப்போகணும். கிராஸை 12ஆல பெருக்கி நீங்க சொன்ன வருஷ சம்பளத்தோட பாப்பாங்க. வரி பிடிச்ச சர்டிபிகேட் இருந்தா வருஷ மொத்தத்தையும் பாப்பாங்க. பேஸ்லிப்பைத் திருத்தி அனுப்பறவங்க மாட்டறது இந்தக் கணக்குலதான், பி.டி.எஃப்ல ஒரு எண்ணை மாத்திடலாம், ஆனா பி.எஃப் பிடித்தம், வரி, மொத்தம், பேங்க் கிரெடிட் எல்லாம் அந்த எண்ணோட சேர்ந்து மாறணுமே.

யோக்கியமானவங்க மாட்டறது வேற இடத்துல. ஒருத்தரோட லெட்டர்ல இப்படி இருக்குன்னு வெச்சுக்கோங்க: நிலையான சம்பளம் வருஷத்துக்கு 10,20,000, வேரியபிள் 1,20,000, கம்பெனி தன் பங்குக்குக் கட்டற பி.எஃப் மாதிரி தொகை 60,000. மொத்தம் 12,00,000, அதான் சி.டி.சி. பேஸ்லிப்ல மாசம் 85,000 கிராஸ் வரும், 12ஆல பெருக்கினா 10,20,000. இவர் ரெக்ரூட்டர் கிட்ட ஃபோன்ல பன்னெண்டுன்னு சொல்றார், ஃபார்ம்ல தற்போதைய சம்பளம்னு ஒரே ஒரு கட்டம் இருக்கு, அதுலயும் 12 லட்சம்னு போடறார். பேஸ்லிப் பாக்கறவர் கணக்குல 1,80,000 காணோம். பொய் எதுவும் இல்ல, ஆனா ரிப்போர்ட்ல சம்பளம் கூட்டிச் சொல்லப்பட்டதுன்னு போயிடும்.

இதுக்கு வழி ரொம்ப சுலபம். ரெக்ரூட்டர் முதல் தடவை கேக்கும்போதே பிரிச்சு மெயில்ல அனுப்புங்க, நிலையானது இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு, கம்பெனி பங்கு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவுன்னு. ஃபார்ம்ல ஒரே கட்டம்னா சி.டி.சி நம்பரைப் போட்டு ரிமார்க்ஸ்ல அதே பிரிவை எழுதி, சம்பள லெட்டரைச் சேத்து அப்லோட் பண்ணுங்க. ஏப்ரல்ல உயர்வு வரும்னு மேனேஜர் வாயால சொன்னதை இப்போவே கூட்டிச் சொல்லாதீங்க, லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் அது உங்க சம்பளம் இல்ல. ஒரு தடவை மட்டும் வந்த ஜாயினிங் போனஸையும் சேக்காதீங்க.

புது ஆஃபரோட தொகையே பழைய சம்பளத்து மேல இத்தனை சதவீதம்னு போட்டதா இருந்தா, இந்த மிஸ்மேட்ச் நேரா அந்த ஆஃபர் கணக்கையே ஆட்டிடும். அதனாலதான் சம்பளத்துல சின்ன வித்தியாசத்துக்கும் ஹெச்.ஆர் இவ்வளவு கோவப்படறாங்க.

6. டிகிரி: முடிச்ச தேதி எதுன்னு பாருங்க

டிகிரியைக் காலேஜ் கிட்ட கேக்கறதோட நிக்காது, டிகிரி கொடுத்த யூனிவர்சிட்டி கிட்ட கேப்பாங்க. ரெஜிஸ்டர் நம்பர், வருஷம், சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் தேர்வுத்துறைக்குப் போகும், சில இடத்துல கட்டணம் கட்டிக் காத்திருக்கணும், மத்த செக் எல்லாம் முடிஞ்சும் இது ஒண்ணு வாரக்கணக்குல இழுக்கும். அமெரிக்காவுல பெரும்பாலான காலேஜ்களுக்கு நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் மூலமாவும், பிரிட்டன்ல ஹெட்னு சொல்ற சர்வீஸ் மூலமாவும் ஆன்லைன்லயே பதில் வந்துடும், அதனால அங்க சீக்கிரம் முடியும்.

இங்க தப்பு வர்றது வருஷத்துல. 2017 மே மாசம் கடைசி செமஸ்டர் எழுதினார் ஒருத்தர், ஒரு பேப்பர் அரியர், நவம்பர்ல எழுதி 2018 ஜனவரில ரிசல்ட் வந்து பாஸ். ரெஸ்யூம்ல 2013 முதல் 2017ன்னு போட்டிருக்கார், ஏன்னா கூட படிச்ச எல்லாருக்கும் அதுதான். யூனிவர்சிட்டி பதில்ல 2018னு வரும். இது ஒரு வருஷ வித்தியாசம்னு மட்டும் போகாது, அரியர் இல்லாதவங்களைத்தான் எடுப்போம்னு அந்தக் கம்பெனி ரூல் வெச்சிருந்தா அதையும் சேத்து மறைச்ச மாதிரி ஆகும். படிச்ச வருஷங்களைத் தனியாவும், டிகிரி சர்டிபிகேட்ல பாஸானதா போட்டிருக்கற மாசம் வருஷத்தைத் தனியாவும் எழுதினா போதும். கான்வொகேஷன் தேதி வேற, அது இன்னும் லேட்டா இருக்கும், ஃபார்ம் அதைத்தான் கேக்குதான்னு ஒரு தடவை படிச்சிட்டு எழுதுங்க.

மார்க் விஷயத்துல, ஜி.பி.ஏவை நீங்களா பத்தால பெருக்கி சதவீதம்னு போடாதீங்க. யூனிவர்சிட்டி மார்க்ஷீட் பின்னாடி மாத்தற ஃபார்முலா இருந்தா அதைப் போட்டுக் கணக்கு பண்ணுங்க, இல்லன்னா ஜி.பி.ஏவையே அப்படியே எழுதுங்க. 59.6ஐ 60ன்னு ரவுண்ட் பண்றதும் வேண்டாம், அந்த 60தான் பல இடத்துல கட்-ஆஃப்.

முடிக்காத படிப்பை முடிச்ச மாதிரி எழுதறதுக்கு மட்டும் எந்த விளக்கமும் எடுபடாது. எந்த வருஷம் வரைக்கும் படிச்சேன், டிகிரி முடிக்கலன்னு தெளிவா எழுதுங்க. சர்டிபிகேட்ல ஒரு பேர், பாஸ்போர்ட்ல இன்னொரு பேர்னு இருந்தா, கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தினதோ இனிஷியலை விரிச்சதோ எதுவா இருந்தாலும், பழைய பேர்னு கேக்கற கட்டத்துல சர்டிபிகேட்ல இருக்கற பேரை எழுத்துக்கு எழுத்து போடுங்க. யூனிவர்சிட்டி ரெக்கார்டுல தேடறது அந்தப் பேரை வெச்சுத்தான்.

7. ஃபார்மை ஷீட்டைப் பாத்து ஃபில் பண்ணுங்க, ரெஸ்யூமைப் பாத்து இல்ல

ஆஃபர் வந்த சந்தோஷத்துல ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன்ல ஃபார்ம் ஃபில் பண்றவங்கதான் அதிகம். ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் பரவாயில்ல, ஷீட்டைப் பக்கத்துல வெச்சு கம்ப்யூட்டர்ல உக்காருங்க. தேதி கட்டம் நாள்-மாசமா மாசம்-நாளான்னு பாருங்க. 07-02ன்னு தப்பாப் போனா ஜூலை 2 பிப்ரவரி 7 ஆயிடும், அஞ்சு மாசம் ஓடிப்போச்சு.

ஃபில் பண்ணி முடிச்சு சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு வேலையோட கடைசி தேதியையும் அடுத்த வேலையோட முதல் தேதியையும் மட்டும் வரிசையா படிங்க. ஓவர்லேப் இருந்தா அங்கயே கண்ணுல படும். அப்புறம் முழு ஃபார்மையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பின்னாடி விளக்கம் கேட்டா நீங்க என்ன எழுதினீங்கன்னு உங்களுக்கே தெரியணும்.

8. ரெஸ்யூம்ல தப்பு இருக்குன்னு இப்போதான் தெரிஞ்சா

நிறைய பேர் இங்கதான் நின்னு யோசிப்பாங்க, ரெஸ்யூம்ல ஒண்ணு போட்டாச்சு, டாகுமென்ட்ல வேற இருக்கு, ஃபார்ம்ல எதை எழுதறது? எப்பவும் டாகுமென்ட்ல இருக்கறதை எழுதுங்க. ரெஸ்யூமோட ஒத்துப்போகணும்னு தப்பான தேதியைக் கையெழுத்துப் போட்ட ஃபார்ம்லயும் எழுதினா ஒரு தடவை நடந்த தவறு ரெண்டாவது தடவை பொய் ஆயிடும்.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, நீளமா வேண்டாம். இப்படிப் போதும்:

"வணக்கம். வெரிஃபிகேஷன் ஃபார்முக்காக என் டாகுமென்ட்களைச் சரிபார்த்தபோது, நான் அனுப்பிய ரெஸ்யூமில் முதல் வேலையின் கடைசி மாதம் ஆகஸ்ட் 2021 எனத் தவறாக இருப்பதைக் கவனித்தேன். ரிலீவிங் லெட்டரின்படி என் கடைசி வேலை நாள் 18-06-2021. ஜூன் 19 முதல் ஆகஸ்ட் 22 வரை குடும்பத்தில் ஒரு மருத்துவக் காரணத்தால் வேலையில் இல்லை. ஃபார்மில் சரியான தேதியைத் தருகிறேன். ரிலீவிங் லெட்டரும் திருத்திய ரெஸ்யூமும் இணைத்துள்ளேன்."

இந்த மாதிரி முன்னாடியே சொன்ன ஆளுங்களோட கேஸ்ல ரிப்போர்ட் வரும்போது ஃபார்மும் மூல பதிலும் ஒத்துப்போயிருக்கும், ரெஸ்யூம் மட்டும் வேற, அதுக்கும் விளக்கம் ஏற்கனவே ஹெச்.ஆர் ஃபைல்ல இருக்கும். எப்பவும் ஆஃபர் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது, மேல சொன்ன பையன் மாதிரி மூணு வருஷத் தகுதியே அடிபட்டா அவங்க திரும்ப யோசிக்கத்தான் செய்வாங்க. ஆனா வேலையை விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். முடிஞ்சா வெரிஃபிகேஷன் கிளியர் ஆனதுக்கப்புறம் ராஜினாமா கொடுங்க, ஜாயினிங் தேதியை அதுக்கேத்த மாதிரி கேளுங்க.

9. ரிப்போர்ட் தப்பா வந்தா

முதல்ல அது டிஸ்க்ரிபன்ஸியா, வெரிஃபை பண்ண முடியலைன்னு வந்ததான்னு கேளுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. வெரிஃபை பண்ண முடியலன்னா பழைய கம்பெனி மூடியிருக்கும், பதிலே போட்டிருக்காது. அதுக்கு ரிலீவிங் லெட்டர், பேஸ்லிப், அந்த மாசங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப் ஹிஸ்டரி கொடுத்தா பல கம்பெனி ஏத்துக்கும். அன்னிக்கு இருந்த மேனேஜரோட கான்டாக்ட் கொடுக்கறது துணைக்குத்தான் உதவும், அது மட்டும் போதாது.

டிஸ்க்ரிபன்ஸின்னா ரிப்போர்ட் காப்பியைக் கேளுங்க. அமெரிக்காவுல ஏஜென்சி ரிப்போர்ட்டை வெச்சு ஆஃபரை மறுக்கறதுக்கு முன்னாடி அந்த ரிப்போர்ட் காப்பியையும் உங்க உரிமைகளோட சுருக்கத்தையும் உங்களுக்குக் கொடுக்கணும்னு ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் சொல்லுது, நீங்க மறுத்தா ஏஜென்சி பொதுவா 30 நாளுக்குள்ள திரும்ப விசாரிக்கணும். ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல உங்களைப் பத்தி வெச்சிருக்கற தகவலைக் கேட்டு வாங்கலாம், ஒரு மாசத்துக்குள்ள தரணும். வேற இடத்துல சட்டம் இவ்வளவு பலமா இல்லன்னாலும் எந்த வரியில, எந்த கம்பெனிப் பதில்ல, என்ன மாறுதுன்னு எழுத்துல கேளுங்க, பெரும்பாலும் சொல்லுவாங்க.

தப்பு பழைய கம்பெனி பக்கம்னா ஏஜென்சியோட வாதாடி பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு வந்த பதிலை அவங்களால மாத்த முடியாது. பழைய ஹெச்.ஆருக்கு ரிலீவிங் லெட்டரை வெச்சு மெயில் போட்டு, உங்க சிஸ்டம்ல தேதி தப்பா இருக்கு, திருத்தி அதே வெரிஃபிகேஷன் மெயிலுக்கு மறுபடி பதில் அனுப்புங்கன்னு கேளுங்க, ஏஜென்சி கொடுத்த கேஸ் நம்பரையும் சேத்துப் போடுங்க, புது கம்பெனி ஹெச்.ஆரையும் அதே மெயில்ல காப்பியில வைங்க.

திருத்தின பதில் நேரா ஏஜென்சிக்குப் போகணும், உங்க கைக்கு வந்து நீங்க ஃபார்வர்ட் பண்ணா மூல இடத்துல இருந்து வந்ததா எடுத்துக்க மாட்டாங்க.